விடை 10 நியூட்டன் என்று வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

பிளஸ் ஒன் வெக்டர் பயிற்சித்தாளில் வழக்கமாக வரும் ஒரு கணக்கு. ஒரு புள்ளியில் இரண்டு விசைகள் செயல்படுகின்றன. A என்பது 6 நியூட்டன், வலப்பக்க x அச்சிலிருந்து 30° மேலே. B என்பது 4 நியூட்டன், இடப்பக்க x அச்சிலிருந்து 30° மேலே. தொகுபயன் என்ன?

நான் திருத்தும் தாள்களில் பலர் இரண்டுக்கும் 30° என்று பார்த்ததும் இப்படிக் கூறுகளைப் பிரித்துவிடுகிறார்கள்:

```
A = (6 cos 30°, 6 sin 30°) = (3√3, 3)
B = (4 cos 30°, 4 sin 30°) = (2√3, 2)
A + B = (5√3, 5)
|A + B| = √(75 + 25) = 10
```

விடை முழு எண்ணாக வந்ததால் சந்தேகமே எழுவதில்லை. ஆனால் 6-உம் 4-உம் சேர்ந்து 10 ஆக வேண்டுமானால் இரண்டும் ஒரே திசையில் இழுக்க வேண்டும். இங்கே ஒன்று வலப்பக்கம் இழுக்கிறது, மற்றது இடப்பக்கம். B-யின் x கூறுக்கு முன் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது.

படம் போட்டிருந்தால் இது உடனே தெரிந்திருக்கும். 1 நியூட்டனுக்கு 1 செ.மீ. என்று வைத்து, A-யை 6 செ.மீ. வரையுங்கள். அதன் தலையில் B-யின் வாலை வைத்து, இடப்பக்கமாகச் சாய்த்து 4 செ.மீ. வரையுங்கள். தொடங்கிய புள்ளியிலிருந்து முடிந்த புள்ளிக்கு ஸ்கேல் வைத்தால் 5.3 செ.மீ. போல வரும், கோடு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். இரண்டு தலைகளையும் ஒன்றாக இணைத்து வரைந்தால் கிடைப்பது A − B. இந்தத் தவறையும் நிறையப் பார்க்கிறேன்.

```
A + B = (3√3 − 2√3, 3 + 2) = (√3, 5)
|A + B| = √(3 + 25) = √28 ≈ 5.29
```

திசைக்கு tan θ = 5/√3, அதாவது θ ≈ 70.9°. படத்துடன் ஒத்துப்போகிறது. சிலர் கூறுகளே பிரிக்காமல் √(36 + 16) ≈ 7.21 என்று எழுதுவார்கள். A-க்கும் B-க்கும் இடையே 90° இருந்தால்தான் அது செல்லும். இங்கே வால்களைச் சேர்த்து வைத்தால் இடையில் இருப்பது 120°.

இனி விசைகளை மாற்றிப் போடுங்கள்: A 4 நியூட்டன், B 6 நியூட்டன், கோணங்கள் அப்படியே. தொகுபயன் (−√3, 5). எண்மதிப்பு அதே √28தான். ஆனால் கால்குலேட்டரில் tan⁻¹(5/−√3) போட்டால் −70.9° காட்டும். அது வலப்பக்கம் கீழே போகும் திசை. நம் படத்தில் கோடு இடப்பக்கம் மேலே, இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது. tan மதிப்பு 180°-க்கு ஒருமுறை திரும்ப வருவதால் இந்தக் குழப்பம். 180° கூட்டி 109.1° என்று எழுத வேண்டும். எப்போது கூட்டுவது என்பதற்கு x கூறின் குறியைப் பாருங்கள்: அது கழித்தலில் இருந்தால் கூட்டுங்கள்.