கறார் என்ற சொல்லுக்கு எந்த வினை? அரபுச் சொல்லடைவில் தேடும்போது நடக்கும் தவறுகள்

அக்காள் மகள் இந்த வருடம் எஸ்பிஎம் தேர்வில் அரபு எடுத்திருக்கிறாள். சுங்கை சிப்புட்டில் எங்களைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள்தான், அதனால் அவள் கட்டுரைகளிலும் தோட்டம் வந்துவிடும். போன வாரம் "தோட்ட நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது" என்பதை இப்படி எழுதியிருந்தாள்:

```
عملت إدارة المزرعة قرارا
```

முடிவுக்கு அரபியில் கறார். கடையில் 'கறார் விலை' என்கிறோமே, அந்தச் சொல்லேதான், உருது வழியாக நம்மிடம் வந்தது. பெயர்ச்சொல் சரி, வினைதான் இடித்தது. அவள் போட்டது 'அமில', அதாவது செய்தல். "மலாயில் புவாட் கெபுத்துசான்தானே மாமா? கார்பஸிலும் பார்த்துட்டேன், கறாருக்குப் பக்கத்தில் عمل நிறைய வருது" என்றாள்.

வருகிறதுதான். கார்பஸ் என்பது கணினியில் தேடிப் பார்க்கிற பெரிய உரைத் தொகுப்பு. அரபுச் செய்தித்தாள் தொகுப்பு எதிலும் கறாரைத் தேடி, முன்னும் பின்னும் ஐந்து சொல் தூரத்துக்குள் வரும் அண்டைச் சொற்களை எண்ணச் சொன்னால் عمل எட்டிப் பார்க்கும். எண்ணிக்கையோடு நின்றதுதான் அவள் தவறு. வரிகளைத் திறந்து பார்த்தோம். وقف العمل بالقرار போன்ற தொடர்கள் வந்தன. 'முடிவை நடைமுறைப்படுத்துவதை நிறுத்துதல்' என்று பொருள். இங்கே عمل வினையே இல்லை, 'அமல்' என்ற பெயர்ச்சொல். உயிர்க்குறி போடாமல் எழுதுவதால் அமில, அமல் இரண்டும் திரையில் ஒரே மூன்றெழுத்து. "முடிவைச் செய்தான்" என்ற பொருளில் எத்தனை வரி என்று பார்த்த பிறகுதான் அது சான்றா இல்லையா என்று சொல்ல முடியும்.

சரி, தூரத்தைக் குறைத்தால் குப்பை போய்விடுமே என்று அடுத்து உடனே முந்தைய சொல்லை மட்டும் எண்ணினாள். இது அடுத்த குழி. அரபியில் பெரும்பாலும் வினை முதலில் வரும், பிறகு எழுவாய், அதற்குப் பின்தான் செயப்படுபொருள். அவள் வாக்கியத்திலேயே வினைக்கும் கறாருக்கும் நடுவில் 'தோட்ட நிர்வாகம்' என்று இரண்டு சொல் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டினாற்போல் வருவதை மட்டும் எண்ணினால், நாம் தேடுகிற வினைதான் முதலில் காணாமல் போகும். அப்போது மேலே ஏறி நிற்பவை 'எடுத்தல்', 'உருவாக்குதல்' என்று பொருள்படும் اتخاذ, صنع போன்ற தொழிற்பெயர்கள்.

இந்த صنع என்னையே ஒரு காலத்தில் ஏமாற்றியிருக்கிறது. 'சுன்உல் கறார்' என்றால் முடிவெடுக்கும் செயல்பாடு, அரசியல் செய்திகளில் தினமும் வரும். அதை நம்பி 'சனஅ கறாரன்' என்று வினையாக்கி எழுதினேன். தொழிற்பெயராகப் புழங்குவது வினையாகவும் அப்படியே புழங்கும் என்று நினைத்ததுதான் பிழை. தொழிற்பெயரைத் தனியாக, வினையைத் தனியாகத் தேட வேண்டும். அப்படித் தேடினால் வினையாக நிற்பது اتخذ, 'இத்தகத'. அது 'எடுத்தல்' என்ற வேரிலிருந்தே வந்தது. மலாய்க்குப் பதில் தமிழை நினைத்திருந்தால் அவள் அதற்குக் கிட்டே போயிருப்பாள்!

தேடும் எழுத்திலும் கவனம் வேண்டும். 'முழுச் சொல்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் قرار என்று போட்டால் استقرار (நிலைத்தன்மை), إقرار (ஒப்புதல்) எல்லாம் உள்ளே வந்துவிடும். முழுச் சொல் என்று போட்டாலோ முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்தவை விடுபடும். வடிவங்களைச் சேர்த்தே கொடுக்க வேண்டும்:

```
قرار|القرار|قرارا|قرارات|القرارات|قراره|بالقرار
```

சொந்தமாகத் தொகுத்த உரை என்றால் இன்னொன்று. قرارا, قرارًا, قراراً என்று மூன்று விதமாக எழுதுவார்கள், கணினிக்கு அவை மூன்று வேறு சொற்கள். உயிர்க்குறிகளை முதலில் நீக்கிவிடுங்கள்.

எந்த உரையில் தேடுகிறோம் என்பதும் முக்கியம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் குர்ஆன் கார்பஸ் சொல்லுக்குச் சொல் இலக்கணம் தரும், அருமையானது. ஆனால் அங்கே கறார் 'தங்குமிடம்', 'நிலைபேறு' என்ற பொருளில் வருகிறது, 'தாருல் கறார்' மாதிரி. நிர்வாக முடிவுக்கு வினை தேட அது இடமில்லை. செய்தித்தாள் தொகுப்புக்கும் ஒரு சாய்வு உண்டு. பாதுகாப்பு மன்றத் தீர்மானம், அமைச்சக ஆணை என்றே கறார் குவிந்திருப்பதால் أصدر, 'அஸ்தர' என்ற வினை மிக முன்னால் நிற்கும். அது 'வெளியிடுதல்'. ஆணையாக வெளிவருவதற்கு அஸ்தர, ஆலோசித்து ஒரு முடிவுக்கு வருவதற்கு இத்தகத.

அவள் اتخذت إدارة المزرعة قرارا என்று மாற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அலுவலகப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினாங்கன்னு அடுத்த வரி வருதே மாமா, அங்கே?" என்றாள். அங்கே அஸ்தர.