35 டிகிரி எங்கே போனது?

எங்கள் உலை 850 டிகிரியில் ஓடும். சூட்டை அளக்கும் சென்சார்களில் தெர்மிஸ்டர் அந்தச் சூட்டுக்கு ஆகவே ஆகாது. இருந்த ஆர்டிடி சென்சாரோ சாதாரண வகை, 600 டிகிரியோடு சரி. சூட்டில் அளவு விலகிக்கொண்டே போனது. அதனால் கே டைப் தெர்மோகப்பிள் போட்டு, கன்ட்ரோலரிலும் இன்புட் வகையை மாற்றினேன்.

அப்புறமும் பாகங்கள் அதிகமாக வெந்தே வந்தன. கன்ட்ரோலரில் என்னவோ 850தான். தெர்மோகப்பிளில் ஒயர் இணையும் தலையைத் தொட்டால் கை சுட்டது, அளந்தால் 70 டிகிரி. கன்ட்ரோலர் இருக்கும் பேனலிலோ சூடு 35தான். நடுவில் நான் இழுத்திருந்தது பழைய செம்பு ஒயர்!

தெர்மோகப்பிள் காட்டுவது உலைக்கும் தலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான்; அதோடு கன்ட்ரோலர், பேனலின் சூட்டை மட்டும்தான் கூட்டிக்கொள்ளும். தலைக்கும் பேனலுக்கும் உள்ள 35 டிகிரி வித்தியாசம் செம்பில் தொலைந்துவிடும். உலை உண்மையில் 885-ஐ ஒட்டி ஓடியிருக்கிறது. தெர்மோகப்பிளோடு ஒத்துப்போகும் கே டைப் காம்பன்சேட்டிங் கேபிளை, பிளஸ் மைனஸ் பார்த்து, பேனல் வரை இழுத்ததும் சரியானது.