பெரிய படத்தில் சிறிய முகத்தைத் திருத்தும்போது

ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெப்யூஐ-யில் பெரிய படத்திலுள்ள சிறிய முகத்தை மட்டும் திருத்த, `Inpaint area` என்பதை `Only masked` என்று மாற்றி, `Only masked padding` அளவை முகத்தின் அகலத்தில் ஏறக்குறையப் பாதியாகவும், `Mask blur` அளவை 4 ஆகவும் வையுங்கள்.

இம்முறையில் முகத்தின்மேல் நீங்கள் பூசிய மாஸ்க்கும் அதைச் சுற்றியுள்ள பேடிங்கும் மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு, நீங்கள் கொடுத்த அளவுக்குப் பெரிதாக்கப்பட்டு, வரைந்து முடிந்தபின் சுருக்கி ஒட்டப்படுகின்றன. 90 பிக்சல் முகத்துக்கு 48 பேடிங் வைத்தால், `Mask blur` கூட்டும் சில பிக்சல்களை விட்டுப் பார்க்கையில், வெட்டப்படும் சதுரம் 186 பிக்சல். அது 512 ஆகும்போது முகத்துக்கு ஏறத்தாழ 248 பிக்சல் கிடைப்பதால், கண்ணிமையும் உதடும் தெளிவாக அமைய இடம் இருக்கிறது. பேடிங்கை மிகவும் குறைத்தால் கழுத்தும் தோளும் மாடலின் பார்வைக்கு வராமல் தலை வேறு பக்கம் திரும்பிவிடும். மிகவும் கூட்டினால் பெரிதாக்கிய பயன் போய்விடும். `Mask blur` மூலப்படத்தின் பிக்சல்களிலேயே கணக்கிடப்படுவதால், இவ்வளவு சிறிய முகத்துக்கு 16 வைத்தால் பழைய தாடை புதியதன் ஓரத்தில் நிழல்போல் தெரியும். ப்ராம்ப்ட்டில் முகத்தை மட்டுமே விவரியுங்கள். முழுக் காட்சியையும் எழுதினால் அந்தச் சதுரத்துக்குள் ஒரு குட்டிக் காட்சியே முளைக்கக்கூடும்.

படத்தின் இரு கோடிகளிலுள்ள முகங்களுக்கு ஒரே நேரத்தில் மாஸ்க் இட்டால் இது பயன்படாது. இரண்டையும் உள்ளடக்கிய ஒரே பெரிய செவ்வகம் வெட்டப்படும் என்பதால், ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே செய்ய வேண்டும். முகம் ஏற்கெனவே 500 பிக்சலைத் தாண்டியிருந்தாலும் 512 அளவில் பெரிதாக்க எதுவும் மிஞ்சாது.