இறுகிய தோளை இழுக்காதீர்கள்: கை தூக்க முடியாதவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோள் இறுகிக் கையைத் தூக்க முடியாமல் எங்கள் சிகிச்சை அறைக்கு வருபவர்களும், எங்களிடம் புதிதாகச் சேரும் பிசியோதெரபிஸ்டுகளும் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். ஃப்ரோஸன் ஷோல்டர் எனப்படும் இந்த இறுக்கம் பெரும்பாலும் 40 வயதிலிருந்து 60 வயதுக்குள் வரும். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கூடுதலாக வரும். எல்லோரும் அறிந்த சிறு பிழைகளைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டு, உண்மையிலேயே மாதங்களைத் தின்னும் தவறை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

வலி உச்சத்தில் இருக்கும்போது பிடித்து இழுப்பது

தோள் மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. இந்நோயில் அந்த உறை முதலில் அழற்சி அடைகிறது, பிறகு தடித்துச் சுருங்குகிறது. இது சுளுக்கும் அன்று, நரம்பு பிசகியதும் அன்று. ஆனால் மதுரைப் பக்கத்தில் கை தூக்க முடியவில்லை என்றதும் அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் யோசனை சுளுக்கு வழிப்பவரிடம் போகச் சொல்வதுதான்.

செல்லூரிலிருந்து வந்த 54 வயதுப் பெண்மணிக்குத் தை மாதத்தில் இடது தோளில் வலி தொடங்கியது. பங்குனிக்குள் தலை பின்னவும் ஜாக்கெட்டின் பின்கொக்கியை மாட்டவும் முடியாமல் போயிற்று. எண்ணெய் தடவிக் கையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டார்கள். அன்றிரவு அவர் உறங்கவே இல்லை. வலித்தால்தான் கட்டு கரையும் என்று சொல்லப்பட்டதால் மறுபடியும் போனார். சித்திரையில் எங்களிடம் வந்தபோது முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கச் சொல்லி, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வலக்கை தாராளமாகத் திரும்பியது. இடக்கை திரும்பத் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. இந்த வெளிச்சுழற்சி குறைவதுதான் உறை இறுகியதற்கான தெளிவான அடையாளம். தானாகத் தூக்க முடியாத கையை மற்றவர் தூக்கினால் எளிதாக மேலே போகிறது என்றால், அது பெரும்பாலும் தசைநார் கிழிசலாக இருக்கும். அதற்கு வைத்தியமே வேறு.

அழற்சியுள்ள உறையை இழுத்தால் அது தளர்வதில்லை. மேலும் வீங்கி வலிக்கிறது, வலிக்கு அஞ்சித் தசைகளும் இறுகிக்கொள்கின்றன. நெதர்லாந்தில் 77 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், வலியின் எல்லைக்குள் மென்மையாக அசைத்தவர்கள், வலியைத் தாண்டி இழுத்துப் பயிற்சி பெற்றவர்களைவிட இரண்டாண்டு முடிவில் நன்றாகத் தேறியிருந்தார்கள். படித்துவிட்டு வரும் இளைஞர்களும் முதல் வாரத்திலேயே கோண அளவைக் கூட்டிக் காட்டத் துடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவர்கள் கூட்டிய சில பாகைக்கு நோயாளி இரவில் உறக்கத்தை விலையாகக் கொடுக்கிறார்.

அந்தப் பெண்மணிக்கு மருத்துவர் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். அதனால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதால் தினமும் அளவு பார்க்கச் சொன்னார். அதன்பின் நான் கொடுத்தவை இரண்டே பயிற்சிகள். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுச் சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு ஒரு நிமிடம் சுற்றுவது ஒன்று. மேசையில் துண்டை விரித்து அதன் மேல் உள்ளங்கையை வைத்து, இழுவை தெரியத் தொடங்கும் இடம் வரை முன்னே நகர்த்திப் பத்து விநாடி நிறுத்துவது மற்றொன்று. நாளுக்கு மூன்று நான்கு முறை போதும். பயிற்சிக்குப் பின் வரும் வலி அரை மணிக்குள் அடங்க வேண்டும். அடங்காமல் இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால், மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும்.

கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கட்டி வைப்பது

வேண்டாம். அசையாத தோள் இன்னும் இறுகும்.

சூட்டையே வைத்தியமாக நம்புவது

வெந்நீர்ப் பை தசையைத் தளர்த்தி வலியைக் குறைக்கும். சுருங்கிய உறையை அது நீட்டாது. ஆகவே துணி சுற்றிய பையைப் பயிற்சிக்கு முன் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு, அந்தத் தளர்வு இருக்கும்போதே கையை அசைக்க வேண்டும். சர்க்கரையால் தோலில் உணர்வு குறைந்தவர்கள், சூடு தெரியாமல் கொப்புளத்தோடு வருகிறார்கள். வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

சர்க்கரையும் தைராய்டும் பார்க்காமல் விடுவது

இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சில மாதங்களிலேயே குணமாகிவிடும் என்று எதிர்பார்ப்பது

வலி மிகுந்த கட்டம் சில மாதங்கள் நீடிக்கும். பிறகு வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும் கட்டம் வரும். தளர்வு அதற்குப் பின்னரே மெல்லத் தொடங்கும். மொத்தத்தில் ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை ஆகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் தாமதமாகும். வலி குறைந்த பிறகுதான் சுவரில் விரலால் ஏறுவது, கோலைப் பிடித்துக் கையை வெளிப்பக்கம் தள்ளுவது போன்ற நீட்டல்களைக் கூட்ட வேண்டும். செல்லூர்ப் பெண்மணி ஆவணியில் இரவு முழுதும் உறங்கினார், அடுத்த சித்திரையில் இரு கையாலும் தலை பின்னினார். பின்கொக்கி மட்டும் இன்னும் எட்டவில்லை. பல மாதங்கள் முறையாகச் செய்தும் சிறிதும் நகராத தோளை எலும்பு மருத்துவரிடம் மீண்டும் காட்ட வேண்டும். மயக்க மருந்து கொடுத்து இறுக்கத்தை விடுவிப்பதா, நுண்துளை அறுவை செய்வதா என்பதை அவர் முடிவு செய்வார். இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்தால், அது தோள் நோயாக இல்லாமல் இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.