உளுந்து பேச இன்டர்பிரட்டர் வச்சுட்டு, அவங்ககிட்ட ஒண்ணுமே சொல்லாம உக்கார வைக்காதீங்க

மாசி பங்குனி ஆச்சுன்னா பர்மாவுல பெகு பக்கம், ஐராவதி பக்கம் நெல் அறுத்த வயல்ல போட்ட உளுந்து அறுவடைக்கு வந்துரும், ஊர்லேருந்து மில்லுக்காரங்க ரங்கூனுக்கு ஏறி வந்துருவாங்க. பல பேரு பயின்னாங் சந்தையில ப்ரோக்கர் மூலமா வாங்கிட்டுப் போயிருவாங்க, அவங்களுக்கு பர்மீஸ் தேவையே இல்ல. ஆனா இப்ப கொஞ்ச வருஷமா இளைய பசங்க நேரா மேல்நாட்டு வியாபாரிகளோட, அதாவது ரங்கூனுக்கு வெளிய சரக்கு விளையுற பக்கத்து வியாபாரிகளோட, உக்காந்து பேசணும்னு வர்றாங்க, நல்ல விஷயம்தான். அதுக்கு இன்டர்பிரட்டர் வேணும்னு எங்ககிட்ட கேக்குறாங்க, நாங்களும் ஏற்பாடு பண்ணித் தர்றோம். நாங்க ஆரம்பத்துல பண்ணின தப்பையே அவங்களும் ஒண்ணு விடாம பண்றதைப் பார்க்கும்போது மனசு கேக்கல, அதான் எழுதுறேன். டைமுக்கு வாங்க, போனை ஆஃப் பண்ணுங்க மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சதை விட்டுடுறேன். காசு போற தப்பை மட்டும் சொல்றேன்.

ரகசியம்னு சொல்லி பேப்பரைக் குடுக்காம இருக்கறது

இதுதான் பெரிய தப்பு, இதை நினைச்சா இன்னைக்கும் எனக்குக் கோவம் வருது.

விருதுநகர் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர், நல்ல மனுஷன், பெகு பக்கம் உள்ள ஒரு வியாபாரியோட மீட்டிங் வச்சிருந்தாரு. நாலு கன்டெய்னர் உளுந்து வேணும், ஒரு இருபதடி கன்டெய்னருக்கு 24 டன்னுன்னு வச்சா 96 டன். இன்டர்பிரட்டரா வந்த அம்மா தமிழும் பர்மீஸும் சுத்தமா பேசுறவங்க, ஆஸ்பத்திரிக்கு வர்ற நோயாளிங்களுக்கும் கோயில் விசேஷங்களுக்கு வர்ற வெளியூர் ஆளுங்களுக்கும் பேசிக் குடுத்துப் பழக்கம். அவங்க ஒரு வாரம் முன்னாடியே போன் பண்ணி "என்ன சரக்கு, யார் யார் வர்றாங்க, ஏதாவது பேப்பர் இருந்தா அனுப்புங்கண்ணா"ன்னு கேட்டிருக்காங்க. இவரு "அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம்மா, விலை விவரம் வெளிய போயிரக்கூடாது"ன்னு சொல்லிட்டாரு. சரக்கு உளுந்துங்கறதே அவங்களுக்கு வாசல்ல வச்சுதான் தெரிஞ்சது.

மீட்டிங் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல அந்த பெகு வியாபாரி, ஒரு பெரியவர், "என்கிட்ட 3,000 கூடை ரெடியா இருக்கு, கூடைக்கு இவ்வளவு விலை"ன்னு சொன்னாரு. இங்க மேல்நாட்டுல இன்னமும் கூடைக் கணக்குதான். இவரு உடனே அந்தம்மா பக்கம் திரும்பி "அது எத்தனை டன்னும்மா?"ன்னு கேட்டாரு. அவங்களுக்குத் தெரிஞ்ச கூடை நெல்லுக் கூடை, 46 பவுண்டு, அதாவது 21 கிலோ சுமார். மனசுலயே கணக்குப் போட்டு "62, 63 டன் வரும்ண்ணா"ன்னு சொன்னாங்க. ஆனா உளுந்துக் கூடை 72 பவுண்டு, 32 கிலோ 660 கிராம் சுமார். அது படி 3,000 கூடைன்னா 98 டன், இவரு கேட்ட நாலு கன்டெய்னருக்கு அப்படியே பொருந்துற சரக்கு!

அளவு குறைஞ்சு போனது மட்டும் இல்ல, விலையும் சேர்ந்து கெட்டுப்போச்சு. கூடை விலையை 21 கிலோவால வகுத்து டன்னுக்கு ஏத்தினா பயின்னாங் விலையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல நிக்குது. அண்ணாச்சிக்கு பயின்னாங் டன் விலை நல்லாத் தெரியும், அதனால இந்த ஆளு நம்மள ஏமாத்தப் பாக்குறான்னு முடிவு பண்ணிட்டாரு, குரலும் ஏறிருச்சு. "மார்க்கெட் தெரியாதவன்னு நினைச்சீங்களா"ன்னு சொல்ல, அதையும் அந்தம்மா மொழிபெயர்த்துத்தானே ஆகணும். பெரியவர் ஒரு வார்த்தை பதில் பேசல, சாம்பிள் பையைக் கட்டிக்கிட்டு மரியாதையா கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. அண்ணாச்சி மறுநாள் சந்தையில ப்ரோக்கர்கிட்ட அதே தரத்தை அதிக விலைக்கு வாங்குனாரு. சாயங்காலம் எங்ககிட்ட வந்து கதையைச் சொல்லும்போது, கூடை விலையை 3,000-ஆல பெருக்கி, வந்த மொத்தத்தை 98-ஆல வகுத்துக் காட்டுனோம். டன்னுக்கு சந்தை விலையைவிடக் கம்மியாவே வந்துச்சு.

அந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்ல. பேப்பர்ல "உளுந்து"ன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா அவங்க வீட்லயே விசாரிச்சு வச்சிருப்பாங்க. ரகசியம் காக்குறேன்னு விலையைக் காப்பாத்தல, சரக்கையும் விட்டுட்டாரு, நல்ல ஒரு பார்ட்டியையும் விட்டுட்டாரு.

ரகசியம்னு பயப்படுறதுல நியாயம் இருக்கு, அதுக்கு வழியும் இருக்கு. வெளிய சொல்ல மாட்டேன்னு ஒரு பக்கத்துல எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க, ஒழுங்கா வேலை பார்க்குற எந்த இன்டர்பிரட்டரும் போட்டுத் தருவாங்க. மீட்டிங் முடிஞ்சதும் பேப்பரையும் அவங்க எழுதின நோட்ஸையும் திருப்பி வாங்கிக்கோங்க. உங்க கடைசி விலை என்னங்கறதை அவங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. எந்த மாதிரி எண்கள் வரும், எந்த அளவுல வரும், எந்தப் பணத்துல வரும்னு தெரிஞ்சாப் போதும்.

அப்ப என்ன குடுக்கணும்

ஒரு பக்கம், மிஞ்சினா ரெண்டு பக்கம். ஒரு வாரம் முன்னாடி அனுப்புங்க, ரெண்டு நாள் கழிச்சு போன்ல பேசுங்க, மீட்டிங் அன்னைக்கு அரைமணி நேரம் முன்னாடி வரச் சொல்லி நேர்ல உக்காருங்க. மீட்டிங் ரூம்ல ஆள் வந்தப்புறம் காதுல சொல்றதை நான் கணக்குலயே சேர்க்க மாட்டேன்.

முதல்ல யார் யார் வர்றாங்க, யாரு முடிவு எடுக்கறவரு. பர்மாக்காரங்களுக்கு குடும்பப் பேரு கிடையாது, பேருக்கு முன்னாடி ஊ, டோ, கோ, மா எது போடணும்னு வயசையும் மரியாதையையும் வச்சு இன்டர்பிரட்டர்தான் முடிவு பண்ணணும், பேரும் வயசும் முன்கூட்டியே தெரிஞ்சாத்தான் அது தடுமாறாம வரும். அடுத்து சரக்கு, தரம். எஸ்கியூங்கற உசத்தி ரகமா எஃப்ஏகியூங்கற சராசரி ரகமா, புதுசா போன வருஷத்து இருப்பா, ஈரம் எத்தனை சதவீதம் வரைக்கும் ஒத்துக்குவீங்க, கல்லு மண்ணு கலப்பு எவ்வளவு. இந்த வார்த்தையெல்லாம் பேச்சுத் தமிழ் நல்லா வர்றவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, ரங்கூன்ல பிறந்து வளர்ந்த நம்ம பிள்ளைங்களுக்கு வீட்டுத் தமிழ் இருக்கும், மில்லு தமிழ் இருக்காது.

அளவுகளைத் தனியா எழுதுங்க: உளுந்துக் கூடை 32.66 கிலோ, நெல்லுக் கூடை 20.87 கிலோ, டன் 1,000 கிலோ, கன்டெய்னர் 24 டன். வீசைன்னு வந்தா அது இங்க 1.63 கிலோ, ஊர்ல நம்ம தாத்தா காலத்து வீசை 1.4 கிலோதான், பேரு காதுக்குப் பழக்கமா இருக்கேன்னு விட்டுடாதீங்க. விலை பர்மா காசான சாட்டுலயா டாலர்லயா, எஃப்ஓபியா கப்பல் கூலி சேர்த்தா, பணம் எல்சியா பேங்க் டிரான்ஸ்ஃபரா, அட்வான்ஸ் உண்டான்னு வரிசையா எழுதிடுங்க.

கடைசியா, நிறைய பேரு விட்டுடுறது, பழைய கதை. போன சீசன்ல ஈரம் பத்தி தகராறு ஆச்சா, ஒரு லோடு லேட்டாச்சா, அதைச் சொல்லிடுங்க. எதிர்ல இருக்கவரு அதைச் சுத்தி வளைச்சுத் தொடும்போது இன்டர்பிரட்டருக்கு எதைப் பத்திப் பேசுறாருன்னே தெரியலைன்னா அந்தப் பேச்சு உங்ககிட்ட பாதியாத்தான் வந்து சேரும். முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லாத மனுஷங்க நிறைய பேரு இங்க, அதனால அவர் தயங்கினா தயங்குறாருன்னு அப்படியே எனக்குச் சொல்லுங்கன்னு முன்னாடியே கேட்டு வச்சிடுங்க.

இன்டர்பிரட்டரை கால்குலேட்டர் ஆக்குறது

அண்ணாச்சி கதையில ரெண்டாவது தப்பு இதுதான். "எத்தனை டன்"னு கேக்க வேண்டியது அந்தம்மாகிட்ட இல்ல, எதிர்ல உக்காந்த பெரியவர்கிட்ட. "உங்க கூடை எத்தனை கிலோ ஐயா"ன்னு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரு. எப்பவும் அவரைப் பார்த்துப் பேசுங்க, இன்டர்பிரட்டரும் "நான் தர்றேன்"னு அவர் சொன்னதை "நான் தர்றேன்"னுதான் சொல்லணும், "அவர் தர்றாராம்"னு சொல்ல ஆரம்பிச்சா யாரு வாக்குக் குடுத்தாங்கன்னு குழம்பிப் போகும்.

விக்கிறவரோட ப்ரோக்கரையே பேச வைக்கிறது

செலவு மிச்சம்னு பண்றாங்க. ப்ரோக்கருக்கு கமிஷன் டீல் முடிஞ்சாத்தான், அதனால ரெண்டு பக்கமும் சொல்ற கசப்பான வார்த்தை எல்லாம் அவர் வாய்லயே கரைஞ்சு போயிரும். ஈரம் 12-க்கு மேல போனா வேணாம்னு நீங்க சொன்னது அந்தப் பக்கம் "கொஞ்சம் காஞ்சதா இருந்தா நல்லது"ன்னு போய்ச் சேரும். ப்ரோக்கர் ரூம்ல இருக்கட்டும், பேசறதுக்கு உங்க ஆள் தனியா இருக்கட்டும்.

இங்கிலீஷ் வழியா சுத்திப் போறது

தமிழ்-பர்மீஸ் ஆள் கிடைக்கலைன்னு இங்கிலீஷ் ஆளை வைப்பாங்க. லட்சம் நமக்கும் இருக்கு அவங்களுக்கும் இருக்கு, நடுவுல இங்கிலீஷ்ல ஹண்ட்ரட் தௌசண்டா மாறி வர்றதுக்குள்ள ஒரு சைபர் தொலைஞ்சுரும். வேற வழியில்லைன்னா எல்லா எண்ணையும் போர்டுல எழுதச் சொல்லுங்க.

ஒரு மணி நேரம்னு புக் பண்றது

ஒருத்தர் பேசி நிறுத்தி இன்னொருத்தர் சொல்லணும், ரெண்டு மடங்கு டைம் வைங்க.

காலைலேருந்து ராத்திரி வரை ஒரே ஆள்

கூடாது. நிறுத்தாம கூடவே பேசுற மொழிபெயர்ப்புன்னா ரெண்டு பேர் வேணும், 20, 30 நிமிஷத்துக்கு ஒருக்கா மாறிக்குவாங்க.

சாப்பாட்டு மேசை

எல்லாரும் சாப்பிடும்போது அவங்க பேசிட்டு இருப்பாங்க. முன்னாடியே சாப்பிட வச்சிடுங்க.

எழுதாம எழுந்திரிக்கிறது

முடிக்கறதுக்கு முன்னாடி கால்மணி நேரம் ஒதுக்கி, ஒத்துக்கிட்டது எல்லாத்தையும் இன்டர்பிரட்டரை ரெண்டு மொழியிலயும் வாசிக்கச் சொல்லுங்க, எத்தனை கூடை, ஒரு கூடை எத்தனை கிலோ, மொத்தம் எத்தனை டன், மொத்தப் பணம். அந்தப் பக்கத்து பேப்பர்ல எண்ணெல்லாம் பர்மீஸ் எழுத்துலதான் இருக்கும், பக்கத்துலயே நம்ம எண்ணுலயும் எழுதிக்கிட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அப்பறம் அங்கேயே மொத்தப் பணத்தை டன்னால வகுத்து பயின்னாங் அன்னைக்கு விலையோட வச்சுப் பாருங்க. ரொம்பத் தள்ளி நின்னா கோவப்படறதுக்கு முன்னாடி கூடைக் கணக்கைத் திரும்பக் கேளுங்க.