டியூ கட்ட முடியாத நிலையில் வங்கிக்குக் கொடுக்கும் கடன் மறுசீரமைப்பு மனு: எழுதுவது எப்படி?

பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றை வைத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. வேலை கொடுக்கும் ஏற்றுமதி கம்பெனி அக்டோபரில் ஆர்டரைக் குறைத்துவிட்டது. யூனிட்டின் மெஷின் லோனில் அசல் பாக்கி 6 லட்சம், வட்டி 12 சதவீதம், 24 டியூ மீதி, மாத டியூ 28,244 ரூபாய். கணக்கும் பெயரில்லாத யூனிட்டும் விளக்கத்துக்காகச் சொல்பவை. உங்கள் எண்களைப் போட்டு இதே வழியில் செய்யலாம்.

முதலில் தேதியைப் பாருங்கள். டியூ தவறி 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே 30, 60 நாட்களில் வங்கி உங்கள் கணக்கை அழுத்தத்தில் உள்ளதாகப் படிப்படியாகக் குறித்துவிடும். ஒரு டியூகூடத் தவறாத நிலையில், அடுத்த மாதம் முடியாது என்று தெரிந்த உடனே மனு கொடுப்பதே நல்லது. மூன்று மாதம் கழித்துப் போனால் மேலாளருக்கு மனமிருந்தாலும் கையில் வழி குறைவு.

அடுத்து, மாத வரவு செலவு. மனுவின் உயிர் இதுதான். மாத வரவு 2,60,000-லிருந்து 1,50,000 ஆகிவிட்டது. கூலி 90,000, வாடகை 15,000, கரண்டும் நூலும் ரிப்பேரும் 13,000, வீட்டுச் செலவு 20,000 போனால் கையில் நிற்பது 12,000. வீட்டுச் செலவை மறைக்காதீர்கள். மறைத்தால் உங்களால் கட்ட முடியாத டியூவை நீங்களே கேட்டு வாங்கியதாகிவிடும். இந்த 12,000 முழுவதையும் வங்கிக்குத் தருவதாகவும் எழுதாதீர்கள். ஒரு மெஷின் நின்றாலே திட்டம் உடைந்துவிடும்.

இப்போது புதிய அட்டவணை. "கொஞ்சம் அவகாசம் தாருங்கள்" என்று மட்டும் எழுதும் மனுக்கள் மேஜையிலேயே கிடக்கும். எந்த மாதம் எவ்வளவு என்று நீங்களே சொல்ல வேண்டும். இந்த யூனிட் கேட்பது:

ஜனவரி 2026 – ஜூன் 2026: வட்டி மட்டும், மாதம் 6,000 ரூபாய்
ஜூலை 2026 – ஜூன் 2029: 36 டியூ, மாதம் 19,929 ரூபாய்

எக்செலில் இதைப் போட்டால் டியூ வரும்:

```
=PMT(1%,36,-600000)
```

ஆறு மாதமும் எதுவுமே கட்டாமல் விட்டால் வட்டி அசலோடு சேர்ந்து 6,36,912 ஆகி, டியூ 21,155-க்கு ஏறும். அதனால்தான் வட்டியையாவது கட்டச் சொல்கிறேன். வட்டி தவறாமல் வருவதைப் பார்க்கும் மேலாளருக்கு மேலிடத்தில் பேசவும் தெம்பு இருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பழைய அட்டவணைப்படி இனி கட்ட வேண்டியது சுமார் 6.78 லட்சம், புதியதில் சுமார் 7.53 லட்சம். கூடுதல் 75 ஆயிரத்துக்கு மேல். தவிர, நெருக்கடியால் மறுசீரமைத்த கடனைப் பொதுவாக வாராக்கடன் வகையில்தான் வைப்பார்கள், சிபில் அறிக்கையிலும் தெரியும். கையெழுத்துப் போடும் முன் இதை மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். ஓரிரு மாதத் தட்டுப்பாடுதான் என்றால், நகையை வைத்துச் சமாளிப்பது மலிவாக முடியலாம்.

ஜூலையில் 19,929 எங்கிருந்து வரும் என்பதற்குச் சான்று வேண்டும். உள்ளூர் செருப்புக் கம்பெனியின் ஆர்டர் கடிதத்தை வைத்து, வரவு 1,75,000, செலவு 1,49,000, மிச்சம் 26,000 என்று காட்டலாம்.

மனு இப்படி இருக்கட்டும்:

> கிளை மேலாளர் அவர்களுக்கு,
> பொருள்: மெஷின் கடன் கணக்கு எண் … – திருப்பிச் செலுத்தும் தவணையை மாற்றி அமைக்க வேண்டுதல்.
> ஐயா, இக்கடனின் தவணைகளை இதுவரை தவறாமல் செலுத்தி வருகிறேன். அக்டோபர் 2025 முதல் ஆர்டர் குறைந்ததால் மாத வரவு 2,60,000-லிருந்து 1,50,000 ஆகக் குறைந்துள்ளது. ஜனவரி முதல் ஜூன் 2026 வரை வட்டியை மட்டும் செலுத்தவும், ஜூலை 2026 முதல் 36 தவணைகளில் மாதம் 19,929 ரூபாய் செலுத்தவும் அனுமதி கோருகிறேன். ஜாமீன்தாரரின் சம்மதக் கடிதத்தை இணைத்துள்ளேன்.

ஜாமீன்தாரருக்குத் தெரியாமல் தவணையை நீட்டினால் அவருடைய பொறுப்பு சட்டப்படி விலகக்கூடும், ஆகவே வங்கி அவர் கையெழுத்தைக் கேட்கும். முன்கூட்டியே பேசி வாங்கிவிடுங்கள். ஓராண்டு பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், உத்யம் சான்றிதழ், ஆர்டர் குறைத்த கம்பெனியின் கடிதம் அல்லது மெயில் ஆகியவற்றையும் சேருங்கள்.

இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் வங்கி முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். சிறு தொழில் கடன் மொத்தம் 10 லட்சத்துக்குள் இருந்தால் கிளையே பரிசீலிக்கலாம், அதற்கு மேல் 25 கோடி வரை வங்கியின் கமிட்டிக்குப் போகும். பதில் வரும்வரை பழைய டியூதான் செல்லும். கணக்கில் பணமில்லாமல் ஈசிஎஸ் திரும்பினால் அபராதமும் விழும். முடிந்த தொகையைக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

"புது லோன் தருகிறோம், அதில் பழைய டியூவைக் கட்டிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடன்தான் கூடும், வரவு கூடாது.

அனுமதிக் கடிதம் வந்ததும் வட்டி விகிதம், முதல் டியூ தேதி, கட்டணம், தவணை எண்ணிக்கை நான்கையும் உங்கள் மனுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் திருத்தம் கேளுங்கள். பழைய தொகைக்கான ஈசிஎஸ் உத்தரவை மாற்றிவிட்டார்களா என்பதையும் அன்றே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.