குக்-சில், குக்-ஃப்ரீஸ்: ஒரு கோழி ஸ்டூ தட்டைப் பின்தொடர்ந்து கற்போம்

சமைத்த உணவை விரைந்து குளிரூட்டிச் சேமித்து, பரிமாறும்போது மீண்டும் சூடாக்குவது குக்-சில் முறை; குளிரூட்டுவதற்குப் பதில் உறையவைத்தால் அது குக்-ஃப்ரீஸ். உணவுச் சேவை முறைகள் தேர்வில் குக்-சில் கேள்வி வந்தால், வெப்பநிலை, நேர வரம்பு எண்களைப் பெரும்பாலான மாணவர்கள் சரியாகவே எழுதுகிறார்கள். அந்த நேர வரம்பின் கடிகாரம் எந்த நொடியில் ஓடத் தொடங்குகிறது என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். எனவே ஒரே ஒரு தட்டின் பின்னால் நடப்போம். இடம், பிரிட்டனின் ஒரு மருத்துவமனை மையச் சமையலறை. பாடத்தில் வரும் வரம்புகள் அந்நாட்டுச் சுகாதாரத் துறை 1989-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளவை. வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

படி 1: சமைத்தல்

திங்கட்கிழமை காலை 10 மணி. கோழி ஸ்டூ தயார். குழம்பில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் போதாது. இருப்பதிலேயே தடிமனான துண்டின் நடுவில் ஊசியைக் குத்த வேண்டும். அங்கே 70 டிகிரி, குறைந்தது 2 நிமிடம் நிற்க வேண்டும். லிஸ்டீரியா, சால்மோனெல்லா போன்றவை இதில் மடிந்துவிடும். ஆனால் சில பாக்டீரியாக்களின் வித்துகள் சாகாமல் தப்பிவிடும். அடுத்த படிகளின் அவசரமெல்லாம் அவற்றால்தான்.

படி 2: குளிரூட்டல்

சமையல் முடிந்த 30 நிமிடத்துக்குள் குளிரூட்டல் தொடங்க வேண்டும். நம் தட்டு 10:25-க்கு, உணவை விரைந்து குளிரவைக்கும் பெட்டியான பிளாஸ்ட் சில்லருக்குள் போகிறது. அங்கிருந்து 90 நிமிடத்தில், அதாவது 11:55-க்குள், நடுப்பகுதி 0 முதல் 3 டிகிரிக்கு வந்துவிட வேண்டும். 90 நிமிடம் சில்லருக்குள் போனதிலிருந்து எண்ணப்படுகிறது, அடுப்பிலிருந்து இறக்கியதிலிருந்து அல்ல. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் 45 டிகிரியை ஒட்டி மிக வேகமாகப் பெருகும். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த இடத்தை உணவு விரைந்து தாண்டியாக வேண்டும்.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் தட்டின் ஆழத்தில்தான். நான் பயிற்சி தந்த ஒரு சமையலறையில், நேரத்தை மிச்சப்படுத்த ஸ்டூவை 10 செ.மீ. ஆழப் பாத்திரத்தில் நிரப்பிவிட்டார்கள். 90 நிமிடம் கழித்து மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து, தொட்டால் சில்லென்று இருந்தது. நடுவில் ஊசியை இறக்கினோம், 38 டிகிரி. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. கெட்டியான உணவில் ஆழம் இரட்டிப்பானால் குளிர எடுக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே 5 செ.மீ. ஆழத்தைத் தாண்டக்கூடாது.

படி 3: சேமிப்பு

0 முதல் 3 டிகிரியில் ஐந்து நாட்கள். சமைத்த நாளும் சாப்பிடும் நாளும் இதில் அடங்கும். திங்கள் சமைத்தது வெள்ளிக்கிழமை வரைதான். சனிக்கிழமை என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. லிஸ்டீரியா குளிரிலும் மெதுவாக வளரும் என்பதால், இந்த ஐந்து நாள் பாதுகாப்புக்கான எல்லை.

தேர்வில் வழக்கமாக வரும் திருப்பம் இது: புதன் நண்பகலில் குளிர்பெட்டி பழுதாகி, உணவு 7 டிகிரி காட்டுகிறது. 5-ஐத் தாண்டி 10-ஐ எட்டாத உணவை 12 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆக, அன்று இரவு உணவுக்குப் பயன்படுத்தலாம். வியாழக்கிழமைக்கு வைக்கக்கூடாது, பெட்டியைச் சரிசெய்தாலும். 10 டிகிரியைத் தாண்டியிருந்தால் குப்பைக்குத்தான்.

படி 4: மறுசூடு

வெளியே எடுத்த 30 நிமிடத்துக்குள் சூடாக்கத் தொடங்க வேண்டும். மீண்டும் நடுவில் 70 டிகிரி, 2 நிமிடம். 15 நிமிடத்துக்குள் பரிமாற வேண்டும். அதுவரை 63-க்குக் கீழே இறங்கக்கூடாது. மீந்ததை மறுபடி குளிரூட்டவே கூடாது.

குக்-ஃப்ரீஸில் என்ன மாறுகிறது?

சமைப்பதும் மறுசூடும் அதேதான். 30 நிமிடத்துக்குள் உறையவைக்கத் தொடங்கி, 90 நிமிடத்துக்குள் நடுப்பகுதி மைனஸ் 5 டிகிரியைத் தொட வேண்டும். பிறகு மைனஸ் 18-க்குக் கொண்டுபோய் அங்கேயே வைக்க வேண்டும். 90 நிமிடத்தில் மைனஸ் 18 என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அது தவறு. உணவிலுள்ள நீரில் பெரும்பகுதி மைனஸ் 1-க்கும் மைனஸ் 5-க்கும் இடையில் உறைகிறது. அங்கே தாமதித்தால் பெரிய பனிப் படிகங்கள் உருவாகி இறைச்சியின் திசுவைக் கிழித்துவிடும்; உருகும்போது சாறு வடிந்து துண்டு நார்நாராகும்.

சேமிப்புக்காலம் பொதுவாக எட்டு வாரம். மைனஸ் 18-இல் கிருமி எதுவும் வளராது. கொழுப்பு மெல்ல ஊசிப்போகும், சுவையும் நிறமும் குன்றும். அதனால் இந்த எட்டு வாரம் தரத்துக்கான எல்லை. ஐந்து நாளையும் எட்டு வாரத்தையும் ஒப்பிடச் சொன்னால் இந்தக் காரண வேறுபாட்டைத்தான் முதலில் எழுத வேண்டும்.

பயிற்சிக்கு ஒன்று. உறைந்த ஸ்டூ செவ்வாய் காலை 8 மணிக்குக் குளிர்பெட்டியில் முழுதாக உருகிவிட்டது. எதுவரை வைக்கலாம்? 0 முதல் 3 டிகிரியில் 24 மணி நேரம், அதாவது புதன் காலை 8 வரை. அதற்குள் சாப்பிடாததை மீண்டும் உறையவைக்க முடியாது, கொட்டிவிட வேண்டும்.